காதணி ‘காதனி’ ஆன கதை: கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எந்த வழி?

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் மகளுடைய சமாசாரம் என்றுதான் பல வருடம் எண்ணம். அவள் கல்லூரியை முடித்து வேலைக்குப் போனதும் பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. எங்கள் தெருமுனையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி, “தங்கச்சி, உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கே. கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கப் படிச்சுக்கிட்டா, அழைப்பிதழ் வேலை எல்லாம் வீட்டுக்கே தந்துடுறேன். பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி” என்றார். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு மூன்று மணி நேரம் எனக்கு ஓய்வுதான். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அப்படித் தொடங்கி, ஒரு பெரிய தவறு செய்து, அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் புதிதாகக் கற்கும் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான்: ஆங்கில எழுத்தால் ஒலியைச் சொல்லித் தமிழ் வரவழைப்பதா, இல்லை தமிழுக்கென்றே உள்ள விசைப்பலகையைப் படிப்பதா?

ஒரே சாயங்காலத்தில் வந்த தமிழ்

என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது முதல் வழி. ‘ஒலிபெயர்ப்பு’, ‘ரோமன் முறை’, ‘அஞ்சல் முறை’ என்று பல பெயர் இதற்கு உண்டு. ammaa என்று அடித்தால் ‘அம்மா’ வரும். thambi என்று அடித்தால் ‘தம்பி’. ஆங்கில எழுத்து தெரிந்தால் போதும், தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் நான் என் பெயரையும், இவர் பெயரையும், வீட்டு விலாசத்தையும் அடித்துவிட்டேன். எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள்!

ஆனால் நம் தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறதே. ஆங்கிலத்தில் n ஒன்றுதான். நமக்கோ ந, ன, ண என்று மூன்று. அங்கே l ஒன்று. இங்கே ல, ள, ழ மூன்று. அங்கே r ஒன்று. இங்கே ர, ற இரண்டு. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிறிய n அடித்தால் ‘ன’. Shift விசையை அழுத்திக்கொண்டு பெரிய N அடித்தால் ‘ண’. அதேபோல் L என்றால் ‘ள’, R என்றால் ‘ற’, z என்றால் ‘ழ’. ‘ந’ வார்த்தையின் தொடக்கத்தில் தானாக வந்துவிடும். வார்த்தை நடுவில் வர வேண்டுமானால் பெரும்பாலும் w அடிக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் ஏறக்குறைய இந்த முறைதான்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அடுப்பில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அடிக்கும்போது, சுண்டுவிரல் Shift-ஐ மறந்துவிடுகிறது. மறந்தால் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாது. ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ போட்டுவிட்டு அமைதியாக இருக்கும்.

முந்நூறு அழைப்பிதழ்

இரண்டாவது மாதம் ஒரு காதணி விழா அழைப்பிதழ் வந்தது. முந்நூறு பிரதி. kaathaNi என்று அடிக்க வேண்டியதை kaathani என்று அடித்துவிட்டேன். அதே தாளில் ‘பணிவுடன்’ என்பதும் ‘பனிவுடன்’ ஆகிவிட்டது. சரிபார்த்துக் கொடுத்ததும் நானேதான். நான் அடித்ததை நானே படிக்கும்போது, தாளில் இருப்பதைக் கண் படிப்பதில்லை. மனசில் இருப்பதைத்தான் படிக்கிறது. தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் ‘காதனி விழா’ என்று முந்நூறும் அச்சாகிவிட்டன.

குழந்தையின் தாத்தா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சகத்துக்கு வந்து ஒன்றும் சத்தம் போடவில்லை. “காதணி தெரியும்மா. இந்தக் காதனி எங்கே கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். நான் அப்படியே குறுகிப்போனேன். மறுபடி அச்சடித்த செலவில் பாதியை நானே கொடுக்கிறேன் என்று சொல்லி, மூன்று வாரக் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

அன்று இரவு, அதுவரை நான் அடித்த இருபது பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பிழையையும் சுழித்தேன். நாற்பத்தொன்று இருந்தது. அதில் முப்பத்து மூன்று ண–ன, ள–ல, ற–ர பிழைகள்தான். இத்தனைக்கும் அந்த வார்த்தைகளில் எந்த எழுத்து வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையால் எழுதினால் ‘காதனி’ என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். அப்படியானால் பிழை என் தமிழில் இல்லை. தமிழை ஆங்கிலமாக மாற்றி, அதை மறுபடி தமிழாக மாற்றும் அந்தச் சுற்றுவழியில்தான் இருக்கிறது என்று புரிந்தது.

எழுத்துக்கு ஒரு விசை

எதிர்வீட்டில், தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் அழுதேன். “நீ ஏன் தமிழ் 99 படிக்கக் கூடாது?” என்று கேட்டார் அவர்.

தமிழ் 99 என்பது தமிழுக்கென்று வகுத்த விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு இதைத் தரப்படுத்தி ஏற்றுக்கொண்டது. இதற்காகப் புதிய கீபோர்டு வாங்க வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கும் அதே ஆங்கிலக் கீபோர்டுதான். மென்பொருளில் ‘தமிழ் 99’ என்று தேர்ந்தெடுத்தால், h என்று எழுதியிருக்கும் விசை ‘க’ ஆகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் இது உண்டு. புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் மொழிப் பட்டியலிலும் Tamil 99 என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகள் இருக்கும். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் வேறொன்று வந்து, “என்ன இது, எதை அடித்தாலும் வேறு எதுவோ வருகிறதே” என்று தவிக்க நேரும்.

இதன் அமைப்பைக் கேளுங்கள். உயிரெழுத்துக்கள் எல்லாம் இடது கைப் பக்கம். மெய்களுக்கான எழுத்துக்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். விரல்கள் ஓய்வாக நிற்கும் நடு வரிசையில் a அ, s இ, d உ, g எ. அவற்றுக்கு நேர் மேலே நெடில்கள்: q ஆ, w ஈ, e ஊ, t ஏ. குறிலுக்கு மேலே நெடில் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டால் போதும், எட்டு எழுத்து மனசில் நின்றுவிடும். r விசையில் ஐ. கீழ் வரிசையில் c ஒ, x ஓ, z ஔ.

வலது பக்க நடு வரிசையில் h க, j ப, k ம, l த, ; ந, ' ய. இங்கேயும் ஓர் அழகு. ப-வுக்குப் பக்கத்தில் ம, த-வுக்குப் பக்கத்தில் ந. மேல் வரிசையில் u ற, i ன இரண்டும் ஒட்டினாற்போல. o ட, p ண ஒட்டினாற்போல. [ ச, ] ஞ ஒட்டினாற்போல. ‘ம்ப’, ‘ந்த’, ‘ன்ற’, ‘ண்ட’, ‘ஞ்ச’ என்று வார்த்தையில் சேர்ந்து வரும் இன எழுத்துக்கள் பலகையிலும் அக்கா தங்கை மாதிரி சேர்ந்தே இருக்கின்றன. மேல் வரிசையில் மீதி y ள. கீழே v வ, b ங, n ல, m ர, / ழ.

இப்போது பாருங்கள். ‘ந’ ஒரு விசை, ‘ன’ ஒரு விசை, ‘ண’ ஒரு விசை. மூன்றும் மூன்று இடத்தில். Shift என்ற பேச்சே இல்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற வடமொழி எழுத்துக்களுக்கு மட்டும்தான் Shift வேண்டும்.

புள்ளியைத் தானே வைக்கும்

ஆரம்பத்தில் என்னை மயக்கிய விஷயம் இதுதான். ‘க’ விசையைத் தொட்டு ‘இ’ விசையைத் தொட்டால் ‘கி’. கொம்பு போடும் எழுத்துக்கும் அப்படியே. ‘கெ’ என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். இங்கே க முதலில், எ பின்னால். வாயால் சொல்லும் வரிசைதான் கையின் வரிசை.

ஒரே எழுத்தை இரண்டு தரம் அடித்தால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். க, க என்றால் ‘க்க’. இன எழுத்துக்களுக்கும் அப்படியே. ம, ப என்றால் ‘ம்ப’. ந, த என்றால் ‘ந்த’. ஆகவே ‘தம்பி’ என்பதற்கு த, ம, ப, இ என்று நான்கே தட்டு. ரோமன் முறையில் ஆறு. ‘மணமக்கள்’ என்ற வார்த்தை அழைப்பிதழுக்கு அழைப்பிதழ் வரும். ரோமன் முறையில் maNamakkaL என்று பத்து எழுத்து, கூட இரண்டு Shift. தமிழ் 99-ல் ம, ண, ம, க, க, ள, புள்ளி என்று ஏழே தட்டு. மற்ற இடங்களில் புள்ளி வேண்டுமானால் f விசை. ‘வார்த்தை’ என்பதில் ‘ர்’ புள்ளியை நாம்தான் f-ஐத் தட்டி வைக்க வேண்டும். ‘த்’ புள்ளி தானே வந்துவிடும்.

உங்கள் மென்பொருள் இந்த விதியைச் சரியாகச் செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். h விசையை இரண்டு தரம் தட்டுங்கள். ‘க்க’ வந்தால் சரி. ‘கக’ என்று வந்தால் அதில் தானியங்கிப் புள்ளி இல்லை என்று அர்த்தம். வேறு மென்பொருளைப் போட்டுக்கொள்வது நல்லது.

இந்த வசதியே சில சமயம் காலை வாரும். ஒரு அழைப்பிதழில் ‘நதியா’ என்று குழந்தையின் பெயர். ந, த, இ, ய, ஆ என்று அடித்தேன். ‘ந்தியா’ என்று வந்து நின்றது! ந-வும் த-வும் இன எழுத்தாயிற்றே, புள்ளி வைத்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ந-வுக்குப் பிறகு ஒரு ‘அ’ தட்டிவிட வேண்டும். ந, அ, த, இ என்றால் ‘நதி’ ஒழுங்காக வரும். ‘பப்பாளி’, ‘ததும்பு’, ‘மமதை’ போன்ற வார்த்தைகளுக்கும் முதல் எழுத்துக்குப் பின் இந்த ‘அ’ வேண்டும். இவை கொஞ்சம் வார்த்தைகள்தான். ஆனால் இந்த ரகசியம் தெரியாமல் பலர், “இந்தப் பலகை சரியில்லை” என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

முதல் மூன்று வாரம்

சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் பட்ட பாடு பெரிய பாடு. ரோமன் முறையில் முக்கால் மணியில் முடிக்கும் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. “தெரிஞ்ச வழியை விட்டுட்டு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?” என்றாள் மகள். அச்சக வேலையைப் பத்து நாள் நிறுத்திவைத்தேன். அது முக்கியம். அவசர வேலை கையில் இருந்தால், மனசு பழைய வழிக்கே ஓடிவிடும். ஒரு வழி கையில் நிற்கும் முன் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் இரண்டும் குழம்பிவிடும்.

முதல் நான்கு நாள் நடு வரிசை மட்டும் பழகினேன். அதில் மட்டுமே எத்தனை வார்த்தை வருகிறது தெரியுமா? தம்பி, பந்து, கம்பு, முகம், தப்பு, புத்தி, பகுதி, மயக்கம், இந்த, அந்த. இவற்றையே ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் திருப்பித் திருப்பி அடித்தேன். ஐந்தாம் நாள் மேல் வரிசை நெடில்களைச் சேர்த்தேன்: அம்மா, மாமா, பாப்பா, காகம். பிறகு வலது கை மேல் வரிசை, கடைசியில் கீழ் வரிசை.

விசைகளின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டலாம் என்று இவர் சொன்னார். எதிர்வீட்டு அக்கா தடுத்துவிட்டார். “ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். ஆயுசுக்கும் கை பழகாது” என்றார். பலகைப் படத்தை ஒரு தாளில் வரைந்து, திரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். எழுத்து மறந்தால் தாளைப் பார்க்கலாம், கையைப் பார்க்கக் கூடாது. மூன்றாம் வார முடிவில் பழைய வேகம் வந்துவிட்டது. மூன்றாம் மாதம் அதே பக்கத்துக்கு அரை மணிதான் ஆனது.

மறுபடி இருபது பக்கம் எடுத்து சிவப்புப் பேனா பிடித்தேன். ண–ன, ள–ல, ற–ர பிழைகள் ஐந்துதான். ஆனால் அந்த ஐந்தும் எனக்கே தெரியாத வார்த்தைகள். ‘முந்நூறு’ என்பதை நான் ‘முன்னூறு’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்! இதற்கு எந்தப் பலகையும் உதவாது. அகராதிதான் உதவும். விரலின் பிழையைப் பலகை குறைக்கும். அறிவின் பிழையை நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது?

இதைப் படித்துவிட்டு எல்லாரும் தமிழ் 99 படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் மாதத்துக்கு இரண்டு கடிதம் அடிப்பாள், சங்கத்துக்கு ஒரு கணக்கு எழுதுவாள். அவளுக்கு ரோமன் முறையே போதும் என்றேன். எப்போதாவது அடிப்பவர்களுக்குப் பலகையின் இடங்கள் அடுத்த தடவைக்குள் மறந்துவிடும். ஆங்கில எழுத்து மறக்காது. அடித்து முடித்ததும் ந, ன, ண, ல, ள, ர, ற வரும் வார்த்தைகளை மட்டும் ஒரு தரம் விரல் வைத்துப் படித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

ரோமன் முறையிலேயே இன்னொரு வகை உண்டு. நாம் vellam என்று அடித்தால் அதுவே ஊகித்து வார்த்தைகளைக் காட்டும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் Shift தொல்லை இல்லை. ஆனால் பட்டியலைப் பார்க்காமல் வேகமாக அடித்துக்கொண்டு போனால் பாயசத்துக்கு ‘வெல்லம்’ போடச் சொன்ன இடத்தில் ‘வெள்ளம்’ வந்துவிடும். ‘அரை’ டம்ளர் ‘அறை’ டம்ளர் ஆகும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், நம் வட்டாரச் சொல் என்றால் ஊகம் இன்னும் தடுமாறும். ஒரு வரி, இரண்டு வரி எழுத இது நல்லதுதான். பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு ஒவ்வொரு வார்த்தையிலும் கண் நின்று நின்று போக வேண்டியிருக்கும்.

பழைய தமிழ்த் தட்டச்சு பாஸ் செய்தவர்கள் தமிழ் 99-க்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் கைக்குப் பழகிய அந்த வரிசையும் பல மென்பொருள்களில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவே இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறார். இனிமேல் தட்டச்சுத் தேர்வு எழுத நினைப்பவர்கள், எந்த வரிசையில் தேர்வு என்று பயிற்சி நிலையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சு வரிசை வேறு, தமிழ் 99 வேறு.

மற்றபடி, தினமும் ஒரு பக்கமாவது தமிழ் அடிக்கப் போகிறேன், அதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்றால், மூன்று வாரக் கஷ்டத்துக்குத் துணிந்து தமிழ் 99-ஐப் படித்துவிடுங்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று சந்தேகம் இருந்தால், நான் செய்ததையே செய்யுங்கள். ரோமன் முறையில் ஐந்து பக்கம் அடித்து, சிவப்புப் பேனாவால் சுழித்துப் பாருங்கள். தெரிந்த வார்த்தையிலேயே தவறான ன-வும் ல-வும் நிறைய வருகிறதென்றால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

போன மாதம் அந்தத் தமிழாசிரியர் தாத்தாவின் வீட்டிலிருந்து மறுபடி ஒரு அழைப்பிதழ் வந்தது. பெரிய பேரனுக்குத் திருமணம். “அந்தம்மாவே அடிக்கட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். திரு-மண-ம் என்று அடிக்கும்போது, சுண்டுவிரல் தானாக மேலே போய் ‘ண’-வைத் தொட்டது. இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு தரம் படிக்கக் கொடுத்தேன். கை எவ்வளவு பழகினாலும், நாம் அடித்ததை இன்னொருவர் கண்ணும் பார்த்துவிடுவது நல்லது, இல்லையா?